இரண்டு அகர வரிசை

பிளாக்டவுனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் அலுவலகம் மரியமலரின் ராச்சியம். மாணவன் பாலாவின் அப்பா சேஷாத்ரி ஃபோனில், "மேடம், விடைத்தாள்ல தொண்ணூத்தி நாலு, ரிப்போர்ட் கார்டுல அறுபத்தொண்ணு!" என்றதும் சீறினாள்.

"நான் பிழை விடுறேல்லை!"

ஆனாலும் பட்டியல்களை எடுத்துப் பார்த்தாள். ஆசிரியை தந்த தாளில் அஞ்சலா, டில்ஷா, பாலா என்று தமிழ் வரிசை. கணினியில் அஞ்சலா, பாலா, டில்ஷா என்று ஆங்கில வரிசை. மதிப்பெண் புள்ளிகளை மேலிருந்து கீழே அப்படியே பதிந்திருந்தாள். முதல் பெயர் பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை.

மன்னிப்புக் கடிதத்தில் கணினிக் கோளாறு என்று எழுதச் சொன்னார் பள்ளி அதிபர்.

"கம்பியூட்டர் என்ன செய்தது? நான்தான் பிழை விட்டனான்!" என்று கத்திவிட்டு, நடந்ததை அப்படியே எழுதி, திருத்திய அட்டைகளோடு எல்லா வீடுகளுக்கும் அனுப்பினாள்.

அவள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. மகள் டில்ஷா அதைப் படித்துவிட்டு, பைக்குள் ஒளித்திருந்த விடைத்தாளை நீட்டினாள். அறுபத்தொன்று.

"அம்மா, நீங்கள் பிழை விட்டது எனக்கு ரிப்போர்ட்டில தொண்ணூற்றி நாலைக் கண்ட அண்டைக்கே தெரியும்."