கடைசி வேலைநாள்: வெள்ளிக்கிழமை

மல்லாவியில் எங்கள் போசாக்குத் திட்ட அலுவலகம் ஒரு தகரக் கொட்டிலில் நடந்தது. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது ஒரு தட்டச்சு மெசினையும் இரண்டு அலுமாரிகளையும் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தோம். மெசின் என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் நாலு கடுதாசி அடித்துப் பழகிவிட்டால் ஊரில் அவன் ஒரு சட்டத்தரணிதான். லீவுக் கடிதம், உறவினருக்குக் கடிதம், மன்னிப்புக் கடிதம் எல்லாம் என் மேசைக்கு வரும். "அண்ணைட கடிதத்துக்குச் சீனி போடத் தேவையில்லை" என்பார்கள். எனக்கு அதில் பெரிய புளுகம், பெருமை.

ஒருநாள் மத்தியானம் எங்கள் களப் பணியாளர் ஒருத்தி வந்தாள். பால்மா கொடுக்கும் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்துப் பதிகிறவள். புருசன் இல்லை. ஆறு வயதில் ஒரு மகள், அந்தப் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. கொழும்பில் ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்திருந்தது. வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். அதுவும் கையில் வந்துவிட்டது, அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை வவுனியாவுக்குப் போகலாம் என்று. வெளியே போக அந்த ஒரு பாதைதான், சண்டை மூண்டால் அதைப் பூட்டிவிடுவார்கள்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. வேலையை விடுறன்" என்று கொப்பித் தாள் ஒன்றை நீட்டினாள்.

வாசித்தேன். முதல் பத்தி முழுக்கச் சண்டை. போன மழைக்குப் பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது இவள் கேட்ட அரைநாள் லீவை மேலதிகாரி தரவில்லை. அதை எழுதி, 'மனிசத்தன்மை இல்லாத இடத்தில் இனி வேலை செய்ய மாட்டேன்' என்று முடித்திருந்தாள்.

"தங்கச்சி, இது இராஜினாமாவோ, சாபமோ?"

"ரெண்டும்தான். ஒரு தாளில ரெண்டையும் எழுதினா மிச்சம்."

சிரித்தேன், அவளும் சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள், "நாளைக்கு வவுனியாவில வேலை தேட இவையளிட்ட ஒரு சேவைக் கடிதம் வேணுமெல்லோ."

"அப்ப சாபத்தை வாயால விடு. தாளில விடாத. கடிதம் பைலில கிடக்கும். அந்தாள் மாறிப் போனாலும் அடுத்த ஆள் உன்னை இந்த முகத்தோடதான் பார்க்கும்."

அந்தப் பத்தியை வெட்டினோம். 'மகளின் சிகிச்சைக்காகக் கொழும்பு செல்லவேண்டி இருப்பதால்' என்று ஒரே வரி வைத்தோம். இந்த நான்கு வருடம் கற்றுக்கொண்டதற்கு நன்றி என்று இன்னொரு வரி. அதை எழுதும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்தது பொறுப்பு ஒப்படைப்பு. 'அலுமாரித் திறப்பையும் தராசையும் மேசையில் வைப்பேன்' என்று எழுதியிருந்தாள்.

"திறப்பை நாய் கூடக் கொண்டுவந்து வைக்கும். உனக்கு மட்டும் தெரிஞ்சது என்ன?"

யோசித்தாள். "பதிவில பழைய ஊர் பரந்தன் எண்டு கிடக்கும். அந்தச் சனம் இப்ப வயல்கரையில, கொட்டிலுக்குள்ள. கண்டாவளை எண்டு கிடக்கிறது பாலத்துக்கு அங்கால ரெண்டாம் மரத்தடி. புதுசா வாற பிள்ளை பதிவைப் பார்த்தா ஒருதரையும் கண்டுபிடிக்காது."

அதுதான் ஒப்படைப்பு என்றேன். 'புதியவரை மூன்று நாட்கள் கூட்டிச் சென்று ஒவ்வொரு குடும்பத்தையும் நேரில் காட்டி, இப்போது இருக்கும் இடங்களைப் பதிவேட்டில் எழுதித் தருவேன்' என்று அடித்தேன். அந்த வரி வந்ததும் கடிதத்துக்கே ஒரு நிமிர்வு வந்தது.

மிஞ்சியது திகதி. அவள் எழுதியிருந்தது இது: 'பாதை திறந்திருந்தால் பாஸ் திகதிக்கு முந்தின வெள்ளிக்கிழமையுடன் நிற்பேன். பாதை பூட்டினால் திறக்கும்வரை வேலைக்கு வருவேன்.'

"இது திகதியில்லை, தங்கச்சி. இது சாத்திரம் பார்க்கிறது" என்றேன். "கடைசி வேலைநாள் ஒண்டுதான் இருக்கலாம். ஒரு மாத முன்னறிவித்தல் குடுக்கவேணும் எண்டு நியமனக் கடிதத்தில கிடக்கு. உன்ர வெள்ளிக்கிழமை அதுக்குச் சரியா வருது. நேராச் சொல்லு."

"பாதை பூட்டினா, அண்ணை?"

"பாஸ் கையில கிடக்கு. ஏன் அவச்சொல் சொல்லுறாய்?"

அந்த இரண்டாவது வாக்கியத்தின் மேல் நான் நேராக ஒரு கோடு இழுத்தேன்.

மேலதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு என்னிடம், "இப்பிடியொரு இராஜினாமா நான் கண்டதில்லை" என்றார். அன்றே ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைத்தார். திகதி தெளிவாக இருந்ததால் அவளுடைய கடைசிக் கிழமைத் திங்களிலிருந்தே வேலைக்கு வர ஒரு பெண்ணை நியமித்துக் கொழும்புத் தலைமையகத்துக்கு அறிவித்தார். கடைசிக் கிழமையில் இவள் அந்தப் பெண்ணை வெயிலுக்குள் மூன்று நாள் கூட்டித் திரிந்தாள். பதிவேட்டில் ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'மாமரத்துக்குப் பின்னால்', 'கிணத்தடிக் கொட்டில்' என்றெல்லாம் எழுதி வைத்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆளுக்கு ஒரு பிளேன்ரீ குடித்து அனுப்பிவைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சண்டை தொடங்கிப் பாதை பூட்டினது.

ஒரு கிழமை பார்த்துவிட்டு அவள் அலுவலகத்துக்கு வந்தாள். கடிதத்தைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டாள். மேலதிகாரி கெட்ட மனிதரில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "ஏற்றுக்கொண்ட பிறகு அது என்ர கையில இல்லை, அம்மா. ஆளும் போட்டாச்சு. நீங்கள் பாதை பூட்டினா நிற்பன் எண்டு ஒரு சொல் எழுதியிருந்தா, அதைக் காட்டி நான் தலைமையகத்தோட கதைச்சிருப்பன்" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. நான் மெசினில் தாள் இல்லாமலே ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். திகதியை வைத்துக்கொண்டு, கீழே 'பாதை பூட்டினால் திறக்கும்வரை நீடிக்குமாறு கேட்கிறேன்' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். அவ்வளவுதான். அது அன்று எனக்குத் தெரியவில்லை. திகதி என்றால் திகதியாக இருக்கிற ஊர்களுக்கான கடிதத்தைத்தான் நான் பழகியிருந்தேன்.

சம்பளம் நின்றது. ஊழியர் குடும்பங்களுக்குப் பால்மா இல்லை என்பது விதி. இப்போது அவள் ஊழியர் இல்லை. இரண்டாம் மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். தான் பழக்கிவிட்ட பெண்ணே பிள்ளையைத் தராசில் வைத்தாள். அந்தப் பெண் அவசரத்தில் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறந்துபோனாள். "மெல்ல, தங்கச்சி. முதல்ல வெறும் தட்டைச் சரிபார்" என்று இவள் சொல்லிக்கொடுத்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

நாலாம் மாதம் பாதை திறந்தது. ஒப்பரேசன் நாள் எப்போதோ போயிருந்தது. புதிதாக ஒரு நாள் எடுக்கலாம் என்று புறப்பட்டாள். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். "வாறன், அண்ணை" என்றாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு கொழும்பிலிருந்து செஞ்சிலுவை மூலமாக ஒரு துண்டுக் கடிதம் வந்தது. 'பிள்ளை ஒப்பரேசனுக்கு முதலே போயிட்டா. எனக்கு வேலை தேடவேணும். சேவைக் கடிதம் அனுப்புங்கோ.' அவள் கையெழுத்தில் மூன்று வரி. அதில் வெட்ட ஒரு சொல்லும் இல்லை.

சேவைக் கடிதத்தை அன்றே அடித்தேன். மேலதிகாரி கீழே தன் பேனையால் 'மிக நேர்மையானவர்' என்று சேர்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதோடு வைக்க நானும் ஒன்று எழுத நினைத்தேன். மூன்று தாள் கிழித்தேன். ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவனுக்கு ஒரு வரி வரவில்லை. சேவைக் கடிதம் மட்டும் தனியே போனது.

பின்னேரம் புதிதாக வேலைக்கு வந்த பெண் பதிவேட்டோடு வந்தாள். "அண்ணை, அக்காட பிள்ளைட பேரை எடுக்கவேணும். என்ன காரணம் போட?" என்று கேட்டாள். இறந்தவர் என்று ஒரு நிரல், இடம் மாறியவர் என்று ஒரு நிரல்.

"இடம் மாறினது எண்டு போடு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே போட்டாள்.