மடியில் விழுந்த குழி

ஓமானில், சலாலாவுக்கு வெளியே ஒரு பால்பண்ணையில் கிடாரிகளைப் பார்த்துக்கொள்வது என் டூட்டி. ஊரில் இரண்டு மாடு வைத்திருந்த தைரியத்தில், மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று கேம்ப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் ஈத்துக்கு மூன்று வாரம் இருந்த ஒரு கறுப்புக் கிடாரி மேல் எனக்குத் தனிப் பாசம். வெயிலில் வேலை பார்க்கும் எங்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பார்களே, அதுபோல இதற்கும் தெம்பு வேண்டும் என்று நானே தீர்மானித்தேன். கறவை மாடுகளுக்கான தீவனத்தைத் திருட்டுத்தனமாக அள்ளிப் போட்டேன். மேலே ஒரு கை உப்பு வேறு. அலைந்தால் களைத்துவிடும் என்று சின்ன அடைப்பிலேயே கட்டியும் வைத்தேன்.

மடி ஒரே வாரத்தில் பெருத்தது. ரூமில் இருந்த நாலு பேரையும் கூட்டிவந்து, "பாருங்கடா, குடம் குடமாக் கறக்கும்" என்று அளந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பண்ணையைச் சுற்றிப் பார்க்க வந்த நாகர்கோவில்கார மாட்டு டாக்டர் குனிந்து, மடியில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இது பாலில்லவே, தோலுக்கடியில தேங்குன நீரு. கன்னு அழுத்தி ரத்தம் திரும்ப முடியாம முதல் ஈத்துல கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். ஆனா இது ரொம்ப அதிகம். என்ன போட்டீரு?"

சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உப்பு நீரைப் பிடிச்சு வைக்கும். தானியத் தீவனமும் கூடிப்போச்சு, நடையும் இல்ல. இப்படியே விட்டா காம்புல கைய வைக்க விடாது, மடியும் தொங்கிப்போவும்" என்றார். நண்பர்கள் முன்னால் எனக்கு முகம் எரிந்தது. கிடாரி கால் அகட்டி நின்றதை அப்போதுதான் கவனித்தேன். அதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

உப்பும் கறவைத் தீவனமும் நின்றன. உலர்ந்த புல், டாக்டர் அளந்து தந்த கொஞ்சம் தீவனம், அவ்வளவுதான். காலையும் மாலையும் அதை நடத்தினேன். குளிர்ந்த தண்ணீர் விட்டு, கீழிருந்து மேல்நோக்கி மெதுவாக நீவிவிட்டேன். படுக்கும் இடத்தில் காய்ந்த மணலைக் கொட்டினேன். நீர் வடியும் ஊசி கன்று போட்ட பிறகுதான் என்று அவர் சொல்லிவிட்டதால், அவசரக்குடுக்கையான நான்கூட அதுவரை பொறுத்திருந்தேன்.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. முதல் கறவையில் எனக்கு முழங்காலில் ஓர் உதை கிடைத்தது. அது நியாயமான சம்பளம்தான்.

கன்று போட்ட பத்து நாளில் மடி பாதியாக வற்றியது. ரூம்காரர்கள், "எங்கடா உன் குடம்?" என்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி விழவில்லை. மாடு கால் மாற்றாமல் நின்று கறக்க விட்டது.


பீற்றிக்கொண்டதெல்லாம் காணாமல் போனதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.