கந்தலும் காய்ந்த செயினும்

பார்சல் டிப்போவில் அவருக்குப் பெயர் கந்தல். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இடது தோளில் எப்போதும் ஒரு பழந்துணி தொங்கும், அதனால் வந்த பெயர். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவள். வெட்டி மிஞ்சும் பருத்தித் துண்டுகளையெல்லாம் பை பையாகக் கொடுத்தனுப்புவாள். ஒரு துணி கறுத்ததும் இன்னொன்று தோளுக்கு ஏறிவிடும். டிப்போவின் பன்னிரண்டு பைக்குகளுக்கும் பத்தொன்பது வருடமாக அவர்தான் மெக்கானிக். எவ்வளவு எண்ணெய் விட்டார் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, எவ்வளவு துடைத்தார் என்றுதான் கிண்டலாகக் கேட்பார்கள்.

டிப்போவிலிருந்து கல்குவாரிப் பக்கம் போகும் ரோடு ஒன்று உண்டு. தார் போட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். லாரிகள் அரைத்துப் போட்ட மாவு மாதிரியான மண் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். காலையில் வெள்ளைச் சட்டையோடு போகிறவன் மத்தியானம் காக்கிச் சட்டையோடு திரும்புவான். அந்த ரோட்டில் ஓடுகிற ஆறு பைக்குகளின் செயின்தான் கந்தலின் தலைவலி. வழக்கமாக நீடிக்க வேண்டியதில் பாதிகூட நீடிக்காமல் தொய்ந்துவிடும், பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்துவிடும்.

காரணம் அவருக்குத் தெரியும். பைக் ஓட்டுகிறவர்கள்தான். காலையில் கிளம்பும் முன், ஷெட் வாசலில் இருக்கும் கிரீஸ் டப்பாவில் கையை விட்டு ஒரு கவளம் எடுத்துச் செயின்மேல் அப்பிவிட்டுப் போவார்கள். இதில் முதல் ஆள் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. கந்தல் சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட ஆள் வேறு. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், தங்கமான மனசு, காது மட்டும் கேட்காது. அதாவது கந்தல் சொன்னால் மட்டும் கேட்காது.

"எங்கப்பா வண்டிக்கு இருபது வருஷம் கிரீஸ்தான் மாமா. ஒரு செயின்கூட மாத்தல."

"உங்கப்பா வண்டியில செயினுக்கு மூடி இருந்துச்சுடா. முழுசா பெட்டிக்குள்ள ஓடுன செயின். தூசி எப்படிப் போகும்? இது திறந்து கிடக்குது."

"கிரீஸ் கிரீஸ்தானே மாமா."

இந்த உரையாடல் வாரத்துக்கு ஒரு முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் கந்தலுக்குப் பல் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னால், "நல்லா இருக்கட்டும்னுதானே பூசுறான், பாவம்" என்பாள்.

அப்படியிருக்க, மூன்றே மாதத்தில் இரண்டு செயின் நடுரோட்டில் அறுந்தது. மேனேஜர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். நிற்க இடம் தேடி, எண்ணெய்க் கறை இல்லாத ஒரு சதுர அடியைக் கண்டுபிடித்து நின்றார்.

"வெளியில ஒரு சர்வீஸ் கம்பெனிகிட்ட பேசியிருக்கேன். பன்னிரண்டு வண்டியும் அவங்க பார்த்துக்கிறாங்களாம். தினமும் காலையில கிரீஸ் வச்சே அனுப்புவாங்களாம். அப்படி வந்தா இந்த ஷெட் தேவைப்படாது."

தினமும் கிரீஸ் என்று கேட்டதும் கந்தலுக்கு ஷெட் போவதைவிட அதுதான் முதலில் எரிந்தது.

"சார், ரெண்டு மாசம் குடுங்க. மூணு வண்டிக்குப் புதுச் செயின் போடுறேன். ஒண்ணுக்கு கிரீஸ், ஒண்ணுக்கு எண்ணெய் ஸ்ப்ரே, ஒண்ணுக்கு மெழுகு ஸ்ப்ரே. மூணும் குவாரி ரோட்டுலயே ஓடட்டும். தேயத் தேய செயின் நீளும், எது கம்மியா நீளுதுன்னு அளந்து காட்டுறேன்."

மேனேஜர் தலையாட்டினார். எண்ணில் காட்டினால் அவர் எதற்கும் தலையாட்டுவார்.

கந்தலுக்கு எண்ணெய் ஸ்ப்ரே மேல்தான் நம்பிக்கை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. காலையில் அடிக்கக்கூடாது, சாயங்காலம் வண்டி ஓடிவந்த சூட்டோடு அடிக்க வேண்டும். முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கை எடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, மெயின் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, செயினின் உள்பக்கத்தில் மெல்லிசாக அடிக்க வேண்டும். ஊறுவதற்கு நேரம் விட்டு, வெளியே நிற்பதையெல்லாம் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்கிற இடம் கண்ணிக்குள் சுழலும் ரோலருக்கும் அதைக் கோத்திருக்கும் பின்னுக்கும் நடுவே. வெளியே பளபளப்பது தூசிக்கு விரித்த பாய். மெழுகுக்கும் இதே மாதிரிதான், ஆனால் சுத்தமான செயினில்தான் ஒட்டும், இரவு முழுக்கக் காய வேண்டும். காய்ந்தபின் தூசி ஒட்டாது. ஆனால் மழையில் கரைந்து போகும், சீக்கிரம் தேய்ந்தும் போகும், அடிக்கடி அடிக்க வேண்டும். கிரீஸ் உள்ளே போகாது, வெளியே கட்டியாக நிற்கும்.

எண்ணெய் வண்டி ஒரு வயதான டிரைவரிடம், மெழுகு வண்டி இன்னொருவரிடம். கிரீஸ் வண்டியை மச்சினனுக்கே கொடுத்தார். ஆசை தீரப் பூசட்டும் என்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மேனேஜர் முன்னிலையில் மூன்று செயினையும் கழற்றி, கழுவி, இழுத்துப் பிடித்து, இருபது கண்ணிகளை ஸ்டீல் ஸ்கேலில் அளந்தார்கள். புதிதில் எல்லாம் இருநூற்று ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். மெழுகு ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தது. கிரீஸ் மூன்று. எண்ணெய் நான்கு.

கந்தல் ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி அளந்தார். நான்குதான். ஐந்து போனால் செயினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

"கிரீஸைவிட எண்ணெய் மோசமா இருக்கே" என்றார் மேனேஜர். குரலில் குறை இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. அந்தக் கம்பெனியைக் கூப்பிட மொபைலை எடுத்தார்.

கந்தல் துடைத்துவிட்ட செயின் இப்படித் தேயாது. எண்ணெய் வண்டியின் முன்பக்கப் பல்சக்கர மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு கைப்பிடி கறுப்புச் சேறு. விரலால் வழித்து, மேனேஜரிடம் நீட்டினார்.

"தேய்ச்சுப் பாருங்க சார்."

மேனேஜர் இரண்டு விரலால் தேய்த்தார். முகம் மாறியது. "மணல்."

"மணலும் எண்ணெயும். உப்புத்தாள் மாதிரி அறுக்கும். நான் அடிச்ச அளவுக்கு இவ்வளவு சேறு வராது. யாரோ தினமும் ஊத்தியிருக்காங்க."

யார் என்று மேனேஜர் கேட்கவில்லை. கேட்காமலே, பெருமையோடு, ஓரத்திலிருந்து பதில் வந்தது.

"நான்தான் சார். மாமாவுக்கு எண்ணெய் வண்டிதான் ஜெயிக்கணும்னு ஆசை. அதனால டெய்லி காலையில நான் வந்ததும் அரை டப்பா அடிச்சுவிட்டுடுவேன்."

கந்தல் தோளிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது செயின் துடைத்த துணி என்பது துடைத்த பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிடத்தில் அவருக்கு மச்சினனை அடிக்கவும் வேண்டும் போலிருந்தது, அழவும் வேண்டும் போலிருந்தது. கிரீஸாவது வெளியே நின்று மணலைப் பிடித்துக்கொண்டது. இவன் ஊற்றிய எண்ணெய் மணலைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போயிருக்கிறது.

மேனேஜர் மொபைலைச் சட்டைப் பையில் போட்டார். "சரி. எல்லா டப்பாவும் பூட்டுல இருக்கட்டும். சாவி உங்ககிட்ட மட்டும். ஆறு வண்டிக்கும் நீங்க சொல்றபடி பண்ணுங்க. அடுத்த சனிக்கிழமை நானே வந்து கர்ச்சீப்பால செயினைத் துடைச்சுப் பார்ப்பேன். ஒரு வண்டியில சேறு வந்தாலும் அந்தக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

மழை இல்லாத மாதம், மண் பறக்கிற ரோடு. ஆறுக்கும் மெழுகு என்று முடிவு செய்தார் கந்தல். தோற்ற எண்ணெய்மேல் இருந்த ஆசையை விழுங்கிக்கொண்டார். ஆறு நாளும் எல்லா டப்பாவையும் வாசலில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தினமும் சாயங்காலம் துடைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு செயினும் மங்கிய சாம்பல் நிறத்தில், விரல் வைத்தால் ஒட்டாமல் இருந்தன. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வேலை முடிந்தது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

வாசலில் மச்சினனின் பைக் நின்றது. செயினைக் காட்டிவிட்டுக் கடைசி டெலிவரிக்கு அந்தப் பக்கம் கிளம்பியவன், வரும் வழியில் அக்கா வீட்டில் காபி குடிக்க நுழைந்திருந்தான். செயினிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுந்து, தெரு மண்ணில் ஒரு கறுப்பு வட்டம். அதற்குள் மண் அப்பிக்கொண்டும் இருந்தது.

உள்ளே தையல் மெஷின் மேல் காலி எண்ணெய் பாட்டில்.

"என்னங்க இப்படிப் பார்க்கறீங்க?" என்றாள் மனைவி. "செயின் எலும்பு மாதிரி காஞ்சு கிடக்குது, மாமா வேலை நெருக்கடியில மறந்துட்டாரு போலன்னு தம்பி சொன்னான். நாளைக்கு மேனேஜர் வேற பார்ப்பாராமே. மெஷின் எண்ணெய் கேட்டான், குடுத்துட்டேன்."

பூட்டுப் போட்டது டப்பாவுக்கு. மச்சினனின் பாசத்துக்குப் பூட்டு எங்கே கிடைக்கும் என்று கந்தலுக்குத் தெரியவில்லை. வாய் திறந்தால் பதினெட்டு வருட மணவாழ்க்கை அதோடு போய்விடும் போலிருந்ததால் திறக்கவில்லை. துணிப் பையையும் மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

முதல் துணி கறுத்தது. இரண்டாவது கறுத்தது. மச்சினன் பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக் கொடுத்தான், அக்கா துண்டுத் துணிகளைப் பொறுக்கிப் பொறுக்கி நீட்டினாள். எத்தனையாவது துணியிலோ அவளுக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும், தம்பியை முறைத்தாள். பதினான்காவது துணி ஏறக்குறைய வெள்ளையாக வந்தது.

"மாமா" என்றான் மச்சினன், குரல் இறங்கி. "இவ்வளவு காஞ்சு போச்சே. இப்போ லேசா எதாவது விடலாமா?"

கொடுமை என்னவென்றால், வாழ்நாளில் முதல்முறையாக அவன் சரியாகச் சொன்னான். துடைத்த துடைப்பில் மெழுகும் போய்விட்டிருந்தது. மறுபடி அடித்தே ஆகவேண்டும். மண் ஒட்டாமலிருக்க, ஓட்டாமல், இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டே ஷெட்டுக்குப் போனார்கள். கந்தல் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, பூட்டைத் திறந்து, மெல்லிசாக ஒரு சுற்று அடித்து, காயவிட்டு வந்தார். வழியெல்லாம் மச்சினன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகவாவது கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மேனேஜர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைக் கர்ச்சீப். ஆறு செயினையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தார். மச்சினனின் வண்டியில் இரண்டு தடவை துடைத்தார். கர்ச்சீப்பில் லேசான சாம்பல் கோடு, அவ்வளவுதான். சேறு இல்லை, மணல் இல்லை.

"அந்தக் கம்பெனிக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன். ஷெட் இருக்கட்டும்" என்றார்.

கந்தல் தோளிலிருந்த துணியை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தார். ஓரத்தில் மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் வாசல் வரை போனார். கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தபடி திரும்பி, கடைசி வண்டியின் செயினை ஒரு முறை குனிந்து பார்த்தார்.

"ஆனா ரொம்ப காஞ்ச மாதிரி இருக்கே. கொஞ்சம் எண்ணெய் விடலாமே?"

"விடுறேன் சார்" என்றார் கந்தல். கழுத்துச் சாவியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மச்சினனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.