மச்சாளின் இரத்தப் பிரிவு

என் கணவரின் அக்காவை, என் மச்சாளை, நான் மன்னிக்கவில்லை. ஹனோவரில் எங்கள் ஆட்களிடம் கேட்டால் தங்கமான மனுசி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் முழந்தாளிடுகிறவ. இருக்கட்டும். அவவின் வாயை எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பிறந்து ஒரு நாள் ஆகுமுன்னே பிள்ளை மஞ்சள் பூத்துப்போனது. மூன்றாம் நாள் செத்தது. ஏன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மச்சாள்தான் சொன்னா, செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுவதும் கேட்க: "இவளின்ரை இரத்தம் பழுது. எங்கட குடும்பத்தில இப்பிடி ஒண்டும் நடந்ததில்லை." என் கணவர் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெர்மனிக்கு வந்து, முப்பது வயது தாண்டி, ஜெர்மன் மொழியைத் தட்டுத்தடுமாறிப் படித்து, மருத்துவ ஆய்வுகூட வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தேன். ஒரு வகுப்பில் ஆசிரியை ஆர்எச் பிரிவை விளக்கினா. தாய் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ். முதல் பிரசவத்தில் பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலக்கும். அந்தச் சிவப்பணுக்களில் இருக்கும் டி என்கிற அன்டிஜெனைத் தாயின் உடம்பு அந்நியமென்று கண்டு, அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளைச் செய்து வைத்துக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்ததும் பொசிட்டிவ் என்றால், அந்த எதிரிகள் கருப்பைக்குள் போய் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். நேரத்துக்கு ஒரு ஊசி போட்டிருந்தால் இதெல்லாம் வராது. நான் ஓ நெகட்டிவ். மூத்த மகள் பொசிட்டிவ். வகுப்பு முடியும்வரை கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழுது என் இரத்தத்தில் இல்லை, அந்த ஊசி கிடைக்காததில்தான் இருந்தது.

மச்சாளிடம் இதைச் சொல்லலாம்தான். சொல்லவில்லை. அவவுக்கு விளங்கப்படுத்துகிற அன்பு என்னிடம் மிச்சமில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு பகல். நான் வேலை செய்த மருத்துவமனையின் இரத்தக் கிடங்குக்கு அவசரம் என்று இரத்த மாதிரிக் குழாய் ஒன்று வந்தது. பெயரைப் பார்த்தேன். மச்சாள். வயிற்றுப் புண் வெடித்து இரத்த வாந்தி, ஹீமோகுளோபின் ஐந்துக்கும் கீழே.

சோதித்தேன். சிவப்பணுக்களில் ஏயும் இல்லை, பீயும் இல்லை, டியும் இல்லை. அவவின் பிளாஸ்மாவை ஏ அணுக்களோடு சேர்த்தேன், திரண்டு கட்டிப்பட்டது. பீ அணுக்களோடும் அப்படியே. ஓ நெகட்டிவ். இங்கே ஓ என்று சொல்லமாட்டார்கள், பூச்சியம் என்பார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல், பிளாஸ்மாவில் டிக்கு எதிரான பிறபொருளெதிரியும் கிடந்தது. பொசிட்டிவ் பிள்ளை ஒன்றைப் பெற்றவவின் அடையாளம். மச்சாளுக்கு ஒரே ஒரு மகன்.

கணினியோ வேறு கதை சொன்னது. மூன்று வருடத்துக்கு முன் இதே பெயர், இதே பிறந்த தேதி, ஏ பொசிட்டிவ். பித்தப்பை எடுத்த சத்திரசிகிச்சை.

தொலைபேசி அடித்தது. மேல்மாடி டாக்டர்.

"ஏ பொசிட்டிவ் ஆள். உங்கள் கணினியிலேயே இருக்கிறது. பைகளை அனுப்புங்கள்."

"இன்றைய குழாய் ஓ நெகட்டிவ்."

"அப்படியென்றால் நீங்கள்தான் குழாயை மாற்றிவிட்டீர்கள். உங்கள் தமிழ்ப் பெயர்களெல்லாம் ஒரே மாதிரி."

எரிச்சலை விழுங்கிக்கொண்டேன். "ஏ இரத்தம் அனுப்பமாட்டேன். இன்னொரு குழாய் எடுங்கள், நானே வருகிறேன்." எங்கள் குளிர்பெட்டியில் ஓ நெகட்டிவ் பை இரண்டுதான் இருந்தது. ஏ பொசிட்டிவ் என்று பதிவுள்ள ஒருவருக்கு அதை வீணாக்க அவர் விரும்பவில்லை.

படியேறும்போதுதான் அந்தப் பித்தப்பை மண்டையில் தட்டியது. மச்சாள் இன்றுவரை ஒரு கத்தி படாத உடம்பு என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவ. அந்தக் காலத்து மருத்துவக் காப்புறுதி அட்டையில் படம் கிடையாது. விசா இல்லாத ஒருத்திக்கு வருத்தம் வந்தால், சொந்தத்தில் யாராவது அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தர்மம். அந்தத் தர்மம் இப்போது மச்சாளின் பெயரில் வேறொருத்தியின் இரத்தத்தை எழுதி வைத்திருந்தது.

கட்டிலில் வெளிறிக் கிடந்தா. பக்கத்தில் என் கணவர். டாக்டர் புதிதாக இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் தமிழில் கேட்டேன். "மச்சாள், பித்தப்பை எடுத்தது ஆர்?"

கண்ணை மூடிக்கொண்டா.

"சொல்லுங்கோ. ஏ இரத்தம் உங்களுக்கு ஏறினா, உங்கட உடம்பில ஏற்கெனவே இருக்கிற எதிரி அதை நரம்புக்குள்ளேயே உடைக்கும். காய்ச்சல், முதுகு நோ, சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் நிக்கும். இதுக்கு முழுப் பையும் தேவையில்லை."

பை ஏற்றுமுன் டாக்டர் கட்டிலருகிலேயே சோதனை அட்டையில் நோயாளியின் இரத்தம் ஒரு சொட்டுச் சோதித்துப் பார்ப்பார், பிழை பெரும்பாலும் அதில் அகப்பட்டிருக்கும் என்பதை நான் சொல்லவில்லை. அவ நடுங்க வேண்டும் என்று விரும்பினேன்.

"சித்தியின்ரை மகள்," என்றா. "அவள் இப்ப கனடாவில. அவளுக்கு அப்ப விசா இல்லை. என்னைப் பொலிசில குடுத்திடாதை பிள்ளை."

"எனக்கில்லை. டாக்டருக்குச் சொல்லுங்கோ. ஜெர்மனில."

இத்தனை வருடமாகக் கடைக்குப் போகத் தெரிந்த ஜெர்மன் அவவிடம் இருந்தது. "அது நான் இல்லை," என்றா. "வேறு பெண். என் அட்டை." டாக்டர் என்னைப் பார்த்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் குரல் தாழ்ந்து, ஓ நெகட்டிவ் இரண்டையும் அனுப்பச் சொன்னார். புதுக் குழாயும் அதையே சொன்னது. பொருத்தம் பார்த்து இரண்டு பைகளையும் நானே கொண்டுபோனேன். பழைய பதிவின் பிழை பற்றி முறைப்படி அறிக்கை எழுதினேன், ஒரு வரியும் மறைக்கவில்லை.

முதல் பை சொட்டத் தொடங்கியபின், டாக்டர் பதினைந்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மச்சாளின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"எனக்கும் உங்களுக்கும் ஒரே இரத்தம்," என்றேன். ஊசி போடாததையும், முதல் பிள்ளை தப்புவதையும், இரண்டாவதைத் தாயின் எதிரிகள் தாக்குவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "உங்கட இரத்தத்திலும் அந்த எதிரி கிடக்குது. இண்டைக்குக் கண்ணால பாத்தன். நீங்கள் ஒண்டோட நிப்பாட்டினியள். நான் ரெண்டாவது பெத்தன். வித்தியாசம் அவ்வளவுதான்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மச்சாள் கூரையையே பார்த்தா. பிறகு மெல்லக் கேட்டா.

"அப்ப, நானும் ரெண்டாவது பெத்திருந்தா?"

எனக்குத் தொழில் தெரியும். அடுத்த பிள்ளை நெகட்டிவாக இருந்திருக்கலாம். எதிரிகள் குறைவாக இருந்திருக்கலாம். எத்தனையோ பிள்ளைகள் மஞ்சளோடு பிறந்தும் பிழைத்திருக்கின்றன.

"செத்திருக்கும்," என்றேன்.

அவ அழுதா. நான் பையில் சொட்டு விழும் வேகத்தைச் சரிபார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.