கை நனையாமல் ஒரு புட்டிங்

காரில் ஏறுவதற்கு முன்பே என் கணவர் உத்தரவு போட்டுவிட்டார்.

"அங்க யாரும் கை நனைக்கக் கூடாது. தண்ணி மட்டும் குடிச்சுக்கலாம். முடிவு தெரியாம பொண்ணு வீட்ல சாப்பிட்டுட்டு, நாளைக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

எங்கள் பக்கத்தில் அது பழக்கம்தான். சம்பந்தம் பேசப் போன இடத்தில் சாப்பிட்டுவிட்டால் பாதிச் சம்மதம் சொன்ன மாதிரி. ஆனால் இந்த மனிதர் அதைச் சொன்னதுதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இனிப்பென்றால் உயிரை விடுகிறவர். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்த பிறகும் ஜாங்கிரி இருக்கும் பக்கமாகவே நின்று ஊர்க்கதை பேசுவார். இன்னும் சுகர் வராதது அவருடைய நல்ல நேரம், என்னுடைய கெட்ட நேரம்.

என் மகனுக்காகத்தான் இந்தப் பயணம். வேலை பார்க்கும் இடத்தில் பழகிய பெண். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியரின் ஒரே மகள். "கட்டுனா அவளத்தான் கட்டுவேன், இல்லாட்டி இப்படியே இருந்துக்கிறேன்" என்று அவன் சொல்லி ஒரு வருடம் ஓடிவிட்டது. அப்பாவும் மகனும் அதற்குப் பிறகு என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லி, நான் அவனிடம் சொல்லி, அவன் நகர்த்துவான். எனக்கு இந்த வேலை அலுத்துப்போயிருந்தது. இன்றைக்கு நல்லபடியாக முடியவில்லையென்றால் என் வீடு வீடாக இருக்காது என்ற பயமும் இருந்தது. வாடிப்பட்டியிலிருந்து மதுரை வரும் வரைக்கும் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். சமயநல்லூர் தாண்டும்போது தெரியாத சாமிகளையும் சேர்த்துக்கொண்டேன்.

ரயில்வே காலனிக்குப் பக்கத்துத் தெருவில் அவர்களுடைய வீடு. ஆண்கள் ஹாலில் உட்கார்ந்ததும் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, "அக்கா, உள்ள வாங்களேன், கையில வேலை இருக்கு" என்றார். எனக்கு அது போதும். ஒரு வீட்டின் லட்சணம் அடுப்படியில்தானே தெரியும்.

மேடையில் கனமான ஒரு பீங்கான் கிண்ணம். அதன் அடியில் தேன் நிறத்தில் பாகு. சீனியை லேசாகக் கருக விட்டு, தண்ணீர் ஊற்றி, உறைந்து போகாமலிருக்க எலுமிச்சம்பழம் பிழிந்து அவரே காய்ச்சியது. வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கும் வரை குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாக அடித்து, மைதாவும் பேக்கிங் பவுடரும் சலித்துச் சேர்த்த மாவைப் பாகின் மேல் அள்ளிப் போட்டார். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாகவே விட்டார்.

"ஸ்பாஞ்ச் புட்டிங். ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்ல இது இருக்கணும்" என்றார்.

வெண்ணெய் தடவிய காகிதத்தையும் அதன்மேல் அலுமினியத் தாளையும் வைத்து நூலால் கட்டத் தொடங்கினார். நான் ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவதில் பேர் வாங்கியவள். துணி மேளம் மாதிரி விறைப்பாக நிற்கும். இந்த அம்மாவோ தாளின் நடுவில் ஒரு மடிப்பை மடித்து, தொளதொளவென்று விட்டிருந்தார். மனசு கேட்கவில்லை.

"இழுத்துக் கட்டலையா?"

"இழுத்துக் கட்டுனா மாவு எந்திரிக்க எடம் வேணாமா? இது சேலைக்குக் கொசுவம் மாதிரி. உள்ள உப்ப உப்ப இது விரிஞ்சு குடுக்கும்."

எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது. கொசுவம் என்று சொன்னவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அடுப்பிலிருந்த குண்டானுக்குள் ஒரு சாஸரைக் கவிழ்த்து, அதன்மேல் கிண்ணத்தை இறக்கி, பாதிக் கிண்ணம் மட்டும் முங்கும்படி வெந்நீர் ஊற்றினார். ஒரு ரூபாய்க் காசைத் தண்ணீரில் போட்டு மூடினார். தண்ணீர் தளதளவென்று குதிக்காமல் மெதுவாகக் கொதிக்கும்படி தீயைக் குறைத்தார். காசு அடியில் கிணுகிணுவென்று ஆடத் தொடங்கியது.

"ஒன்றரை மணி நேரம். முதல் அரை மணி நேரம் யாரும் மூடியத் தொடக் கூடாது, அமுங்கிரும்" என்றார்.

ஹாலுக்கு வந்தோம். முதலில் எல்லாம் மரியாதையாகத்தான் போனது. பையனுக்கு என்ன வேலை, பெண் என்ன படித்தாள் என்று இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் கல்யாணம் எங்கே என்ற பேச்சு வந்தது.

"எங்க குலசாமி கோயில்லதான் தாலி கட்டணும். அதுல மாத்தமில்ல" என்றார் என் கணவர்.

"என் மக சர்ச்லதான் மோதிரம் மாத்துவா. அதுலயும் மாத்தமில்ல" என்றார் பெண்ணின் அப்பா. நெடுநெடுவென்று உயரம். சிரிக்கவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டவர் போன்ற முகம்.

"அப்ப எதுக்கு எங்கள வரச் சொன்னீங்க?"

"நாங்க சொல்லல. நீங்கதான் வாரோம்னீங்க."

பெண் தலை குனிந்துகொண்டாள். என் மகன் காலைப் பார்த்தான். இவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "சரி. அப்ப வாரோம்" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லிவிட்டு வந்த வீட்டு வாசலை அவர் மறுபடி மிதித்ததில்லை.

யாரும் பேசவில்லை. அந்த நிசப்தத்தில்தான் எனக்கு உறைத்தது. காசுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

யார் வீடு, என்ன சண்டை என்றெல்லாம் யோசிக்காமல் அடுப்படிக்கு ஓடினேன். எனக்குப் பின்னாலேயே அந்த அம்மாவும் ஓடி வந்தார். சரியாகப் பொருந்தாத மூடி வழியாக ஆவி போய்க்கொண்டேயிருந்ததில் தண்ணீர் சுண்டி அடிக்கு வந்திருந்தது. நல்லவேளை, அந்த முதல் அரை மணி நேரம் தாண்டியிருந்தது. நான் பைப்பைத் திறக்கப் போனேன்.

"பச்சத் தண்ணி வேணாம்க்கா! கொதி அடங்கிரும்" என்று பக்கத்து அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்து, கிண்ணத்தின் மேல் படாமல் ஓரமாகவே கொதிநீரை ஊற்றி, சட்டென்று மூடினார். கொஞ்ச நேரத்தில் காசு மறுபடி கிணுகிணுத்தது. இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எங்க வீட்டு இட்லிக் கொப்பரையிலயும் காசுதான் கெடக்கு" என்றேன்.

அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே ஒரு கல்யாணம் முறிந்துகொண்டிருந்தது, நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சத்தம் கேட்டு என் கணவர் அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். "கெளம்பலாம்னா இங்க என்ன கூத்து? என்ன வேகுது?"

"புட்டிங்" என்றேன். "மைதா, முட்டை, வெண்ணெய். அடியில பாகு." பாகு என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

"கேக்கா? கேக்க ஆவியிலயா வேக வைப்பாங்க? களியாத்தான் வரும்."

பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "இல்ல மாமா. பஞ்சு மாதிரி வரும்."

மாமா என்றதும் அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் பெண் எதிர்த்துப் பேசியதுதான் முதலில் அவருக்கு உறைத்தது.

"வராது."

"வரும் மாமா."

"சரி, அம்புட்டு நம்பிக்கையா இருந்தா இருந்து பாத்துட்டே போறேன்" என்று திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் கணவரின் வீம்பால் எனக்கு இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

உட்கார்ந்தாயிற்று. புட்டிங் வேகவும் இன்னும் நேரமிருந்தது. எவ்வளவு நேரம்தான் இரண்டு ஆண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பெண்ணின் அப்பாதான் தொண்டையைச் செருமினார். "வாடிப்பட்டில எந்தப் பக்கம்?"

"ரயில் லைன ஒட்டித்தான் நம்ம தென்னந்தோப்பு. ஒரு மோட்டார் ரூம் தெரியும்."

"மஞ்ச மோட்டார் ரூமா? பக்கத்துல ஆட்டுக்கெடை போட்டிருக்கும்?"

"ஆமா!"

"அங்க நான் எப்பவும் நீளமா ஹாரன் அடிப்பேன். ஆடு குறுக்க வந்துரும்."

"அட! அந்தச் சத்தத்துக்கு என் ஆடு அம்புட்டும் தெறிச்சு ஓடும். நான் திட்டாத திட்டில்ல. அது நீங்கதானா?"

"நானும் உங்க ஆட்டத் திட்டாத நாளில்ல" என்றார் அவர். அப்போதுதான் அந்த மனிதருக்குப் பல் இருப்பதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஆடு, எஞ்சின், மழை என்று பேச்சு தானாக ஓடியது. நடுவில் என் கணவர் இரண்டு தடவை அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டினார்.

நேரமானதும் அந்த அம்மா கட்டிய நூலிலேயே போட்டிருந்த பிடியைத் தூக்கிக் கிண்ணத்தை வெளியே எடுத்தார். மேலே மடிப்பு இருந்த சுவடே இல்லை. தாள் முழுக்க விரிந்து கும்மென்று உப்பியிருந்தது. தட்டை மேலே வைத்துக் கவிழ்த்து, கிண்ணத்தை மெதுவாக உருவினார். புட்டிங் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. உச்சியிலிருந்து பாகு நாலு பக்கமும் வழிந்து இறங்கியது. கரண்டியால் வெட்டியபோது உள்ளே சின்னச் சின்னக் கண்ணாக, ஆவி பறக்க, பஞ்சேதான்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தேன்.

பெண் தட்டை அவரிடம் நீட்டினாள். கூடவே ஒரு ஸ்பூன். அவர் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கமாகக் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "ஸ்பூன்ல தின்னா கை நனையாதுல்ல?"

"நனையாதுங்க" என்றேன். நான் வேறென்ன சொல்வேன்?

முதல் வாயில் கண்ணை மூடினார். அடுத்த துண்டையும் தயங்காமல் வாங்கிக்கொண்டார். அதுவும் முடிந்தபோது தட்டில் பாகு மட்டும் மிஞ்சியிருந்தது. ஸ்பூனுக்கு அது பிடிபடவில்லை. சுரண்டிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். கடைசியில் ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் தட்டை ஒரு சுற்று வழித்து வாயில் வைத்தார். பிறகு இன்னொரு சுற்று.

ஒரு வருடமாக அவரிடம் நேராகப் பேசாத என் மகன் பேசினான்.

"அப்பா. கை நனைஞ்சிருச்சு."

எல்லோரும் அவருடைய கையைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். விரல் முழுக்கப் பாகு. உள்ளே, அணைக்க மறந்த அடுப்பில் காசு இன்னும் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

"ஆமாடா, நனைஞ்சிருச்சு" என்றார் மகனிடமே. பிறகு கையை உயர்த்திக்கொண்டு அந்த நெட்டை மனிதரைப் பார்த்தார்.

"காலையில சர்ச்சு, சாயந்தரம் கோயிலுன்னு வச்சுக்குவோம். கை கழுவ எங்க போகணும், சம்பந்தி?"