மூன்றில் இரண்டு பங்கு இலை

கொட்டச்சேட்டுப் பக்கம் மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது எங்கள் துரைக்கு ஒரு சந்தேகம் வந்தது. நிழலில் நிற்கும் காப்பிச் செடியின் இலை பெரிதா, வெயிலில் நிற்கும் செடியின் இலை பெரிதா? அது தெரிந்தால்தான் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் எவ்வளவு கிளை கழிப்பது என்று முடிவு செய்வாராம். நிழல் இலைதான் பெரிது என்று கண்ணிருக்கும் எவனும் சொல்லிவிடுவான். துரைக்கு அது போதாது. எவ்வளவு பெரிது என்று சதுர அங்குலத்தில் வேண்டும்.

அதற்கு வழியும் அவரே சொன்னார். கட்டம் போட்ட காகிதத்தின் மேல் இலையை வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும். விளிம்பு வெட்டிய கட்டத்தில் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஒரு இலைக்கு ஏறக்குறைய ஆயிரம் குட்டிக் கட்டங்கள். சனிக்கிழமைக்குள் இருநூறு இலை. இரண்டு லட்சம் கட்டம் எண்ணுவதற்கு நான் பிறக்கவில்லை என்பது மூன்றாவது இலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாவது இலையில் அறுநூற்றுச் சொச்சத்தில் தூங்கிப்போனேன். விழித்தபோது கன்னத்தில் பென்சில் கோடு இருந்தது, எண்ணிக்கை இல்லை.

சோம்பேறிக்கு மூளை அவசரத்தில்தான் வேலை செய்யும். எண்ணுவதற்குப் பதிலாக நிறுத்தால் என்ன? நூறு சதுர அங்குலக் காகிதம் ஒன்றை வெட்டி நிறுத்துக்கொண்டால், அதே காகிதத்தில் இலையை வரைந்து வெட்டி நிறுத்து, எடையிலிருந்து பரப்பைச் சொல்லிவிடலாம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்துத் தராசு இருந்தது. கம்பவுண்டர் என் சிநேகிதர்.

"ஏனுங்க, விஷம் நிறுக்கற தராசுல காயிதமா?" என்றார்.

"உங்க மருந்த விட இதுல ஆபத்து கம்மிதானுங்க" என்றேன்.

எனக்கு இலை பறித்துக் கொடுத்தது காப்பிப்பழம் எடுக்கும் ஒரு அம்மிணி. நிழல் இலைக்கு ஒரு கூடை, வெயில் இலைக்கு ஒரு கூடை என்று சரியாகப் பிரித்து வைப்பாள். வாய் மட்டும் அடங்காது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று எட்டிப் பார்த்தவள், "ரைட்டரய்யா காயிதத்த நிறுத்து யாருக்குங்க விக்கப் போறீங்க? எனக்கு ஒரு வீசை போடுங்க" என்று சிரித்தாள்.

வெயிலடித்த ஒரு பிற்பகலில் நூறு சதுர அங்குலக் காகிதத்தை நிறுத்து எழுதிக்கொண்டேன். அன்றே ஐம்பது இலை முடித்தேன். மறுநாள் முழுக்க மூடுபனி. இன்னொரு ஐம்பது முடித்தேன். நூறு இலைக் கணக்கையும் எண் போட்ட இலைகளையும் துரையின் மேசையில் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். நிமிர்ந்த நெஞ்சு ஒரு மணி நேரம் தாங்கியது.

துரை கூப்பிட்டார். அவர் மேசையில் ஒரு இலையும் கட்டக் காகிதமும் இருந்தன. என் பட்டியலில் இரண்டாம் நாள் இலை ஒன்றை எடுத்து, தானே உட்கார்ந்து கட்டம் எண்ணியிருக்கிறார். அவர் கணக்கில் பத்துச் சதுர அங்குலம். என் கணக்கில் பத்தே முக்கால்.

"ரைட்டர், ரெண்டாம் நாள் எழுதின இலை எல்லாம் பெருசு. அதே செடி, அதே நிழல். ராத்திரியில வளந்திச்சா?"

நான் பல்லைக் காட்டினேன். தராசு விஷயத்தைச் சொன்னால் கட்டம் எண்ணாததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"நீ எண்ணலே. மனசிலேருந்து எழுதினே. நாளைக்குக் காலையில எனக்கு நிஜம் காட்டு. இல்லேன்னா பெட்டியத் தூக்கிக்கிட்டுக் குப்பனூர் ரோட்டுல இறங்கிடு."

பொய் எழுதியவனுக்கு வேறு எஸ்டேட்டிலும் ரைட்டர் வேலை கிடைக்காது. நான் வாழ்க்கையில் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். சொல்லாத பொய்க்காக மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்த அநியாயம்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தது.

கம்பவுண்டரிடம் கொட்டித் தீர்த்தேன். நான் வெட்டிய காகித இலை ஒன்றை அவர் கையில் எடுத்து மடக்கிப் பார்த்தார். மொடமொடப்பு இல்லை, துவண்டு போயிருந்தது.

"காயிதத்துக்கும் சளி புடிச்சிருக்குதுங்க. இந்தப் பனியில பொடி மருந்தே நொம்ப கட்டியாயிருது."

வெந்நீர் போட்டுக்கொண்டிருந்த கரியடுப்பின் பக்கத்தில் இலைகளைப் பரப்பி, கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தோம். எடை குறைந்தது! வெயில் நாளில் நிறுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு பனி குடித்த காகிதத்தை அளந்திருக்கிறேன். காரணம் தெரிந்தது. ஆனால் "துரை, காகிதம் தண்ணீர் குடித்துவிட்டது" என்று போய் நின்றால், தண்ணி போட்டது நான் என்றல்லவா நினைப்பார்?

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது காலடியில் கழிசல் கூடை. காகிதம் வீணாகாமல் இருக்க, ஒவ்வொரு இலைக்கும் அதன் நீள அகலத்துக்குச் சரியாக ஒரு நீள்சதுரம் வெட்டி, அதற்குள் இலையை வரைந்து வெட்டுவேன். மூலைகளில் மிஞ்சும் துண்டுகள் அந்தக் கூடையில் கிடந்தன. ஒரே தாளிலிருந்து வந்த இலையும் கழிசலும் ஒரே அளவுதானே பனி குடிக்கும்? இரண்டையும் எதிரெதிர்த் தட்டில் வைத்தால் பனி யாருக்கும் சாதகம் செய்யாது.

ஒரு தாளை இரண்டாக மடித்து, இலையின் நீள அகலத்துக்கு நீள்சதுரமாக்கி, ஒரே வெட்டில் இரண்டு இலை எடுத்தேன். ஒரு தட்டில் ஒரு இலை. மறு தட்டில் அதன் கழிசல். இலைத் தட்டு இறங்கியது. இரண்டாவது இலையின் கழிசலையும் சேர்த்தேன். முள் ஆடி ஆடி நடுவில் நின்றது.

கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்.

இரண்டு கழிசல் சேர்ந்தால் ஒரு இலை. அப்படியானால் நீள்சதுரத்தில் ஒரு பங்கு கழிசல், இரண்டு பங்கு இலை. குட்டி இலையில் செய்தேன், முள் நடுவில். உள்ளங்கையை மூடும் நிழல் இலையில் செய்தேன், நடுவில். ஒன்றிரண்டு கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்தன. பத்து இலையைச் சேர்த்துப் பார்த்தால் சமம். காப்பி இலை பெரிதாகும்போதும் சிறிதாகும்போதும் தன் வடிவத்தை விடுவதில்லை. இனி தராசும் வேண்டாம், கட்டமும் வேண்டாம். நீளத்தை அகலத்தால் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் பரப்பு. நான் கம்பவுண்டரைக் கட்டிப்பிடித்ததில் அவருடைய ஒரு மருந்துப் புட்டி உடைந்தது. நல்லவேளை, அதில் இருந்தது தண்ணீர்தான். அவர் கொடுத்த மருந்துகளில் பெரும்பகுதி அதுதான்.

காலையில் துரை பங்களா வராந்தாவில் தராசை வைத்தேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. அவரையே காகிதத்தை மடித்து வெட்டச் சொன்னேன். ஒரு தட்டில் இலை, மறு தட்டில் இரண்டு கழிசல். முள் நடுவில் நின்றது. அவர் தராசுக்குக் கீழே குனிந்து நூல் எதுவும் கட்டியிருக்கிறேனா என்று பார்த்தார்.

"துரை எண்ணின அந்த இலைய அளங்க" என்றேன்.

அளந்தார். நீளம் ஆறு அங்குலம். அகலம் இரண்டரை. பெருக்கினால் பதினைந்து. மூன்றில் இரண்டு பங்கு பத்து. அவர் ஆயிரம் கட்டம் எண்ணிக் கண்டுபிடித்த அதே பத்து.

அவர் முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. வராந்தாவுக்கு வெளியே கிடந்த ஒரு சில்வர் ஓக் இலையை எடுத்து வந்தார். சீப்புப்போலப் பிளவுபட்ட இலை. "இதுக்கும் ரெண்டு பங்கா?"

கண்ணி எனக்குப் புரிந்தது. "இல்லீங்க துரை. இது பாதிக்கும் மேல ஓட்டை. இதுல ஒரு கழிசல் வச்சாலே அந்தத் தட்டுதான் இறங்கும். ஒவ்வொரு ஜாதி இலைக்கும் அதது பங்கு உண்டு. நான் சொன்னது காப்பிக்கு."

அவரே அதைக் காகிதத்தில் வரைந்து வெட்டி நிறுத்துப் பார்த்தார். கழிசல் தட்டு தடாலென்று இறங்கியது. துரை சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. பல் எனக்கு இருப்பதைவிடக் குறைவு.

"மிச்சம் எத்தனை இலை?"

"நூறுங்க. முதல் நூறையும் திரும்ப அளக்கணும்."

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தார். அடிக்கோலைத் தானே எடுத்துக்கொண்டார். அவர் அளந்து சொல்ல, நான் காலை நீட்டிக்கொண்டு பெருக்கி எழுதினேன். கூடையோடு வந்த அம்மிணி படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, துரை நம்ம ரைட்டரய்யாவுக்குக் கணக்குப்புள்ளையாயிட்டாருங்களா?" என்று பின்னால் வந்தவர்களிடம் கத்தினாள். காப்பிக் காட்டுக்கு வேலைக்குப் போக வேண்டிய கூட்டம் முழுவதும் வராந்தாவைப் பார்த்து நின்றது.

நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். "அடுத்த இலைங்க துரை. நீளம் சொல்லுங்க."

சொன்னார்.