பன்றிக்கும் எனக்கும் நடுவில்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மணப்பாறைப் பக்கம் ஒரு பன்றிப் பண்ணைக்குப் போனது அரசு வேலையாகத்தான். கால்நடை நோய் பரிசோதனைக் கூடத்தில் மருத்துவராக இருக்கிறேன். பண்ணையை நடத்துகிற அம்மா இரண்டு முறை போன் செய்திருந்தார். வெள்ளைப் பன்றிகள், தீவனத்தில் குறை வைப்பதில்லை, ஆனாலும் சிலது எடை ஏறவில்லை என்பது அவர் புகார். அன்றைக்கு ஒன்றை வெட்டிப் பங்கு போடப் போகிறார்கள் என்றதால், உள்ளே திறந்து பார்க்க நல்ல வாய்ப்பு என்று ஐஸ் பெட்டியோடு பைக்கில் கிளம்பினேன்.

ஈரல், நுரையீரல், குடல் எதிலும் கண்ணுக்குத் தெரிகிற கோளாறு இல்லை. குடலில் புழுவும் இல்லை. கறி பார்ப்பதற்கு அருமையாக இருந்தது. வழக்கப்படி நாக்கிலும் இதயத்திலும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையிலும் துண்டுகள் எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

மணி ஒன்றரை ஆகிவிட்டது. அந்த அம்மாவின் தம்பி கரி நெருப்பில் கறித் துண்டுகளைக் கம்பியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார். உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும்தான். சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்கள். எனக்கும் நல்ல பசி. நான்கு துண்டு தின்றேன். வெளியே கருகி, கடித்தால் உள்ளே சிவப்பாகச் சாறு வந்தது. கால்நடை மருத்துவம் படித்தவன் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ருசியாக இருந்தது, நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது எடமலைப்பட்டி புதூர் தாண்டுவதற்குள் வயிறு புரட்ட ஆரம்பித்தது. பைக்கை ஓரம் கட்டி ஒரு கடை வாசலில் உட்கார்ந்து சோடா குடித்தேன். ஸ்ரீரங்கத்தில் வீட்டு மாடிப்படி ஏறியதுமே வாந்தி. பிறகு நாலைந்து முறை வயிற்றுப்போக்கு. என் மனைவி ஸ்ரீரங்கத்திலேயே ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரைத்து வைத்துவிட்டு, என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் காலையில் ஒரு சின்ன டப்பாவை என் கையில் கொடுத்து, கிடைத்ததைக் கொண்டு வரச் சொன்னாள். அதில் புழு முட்டையோ ஒட்டுண்ணியோ எதுவும் இல்லை என்று மத்தியானம் லேபிலிருந்து போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை நான் மோர்சாதம் சாப்பிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பண்ணையிலிருந்து கொண்டுவந்த துண்டுகளை அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். உதரவிதானத்திலிருந்து அரிசி அளவு தசையை வெட்டி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தேன். தசை இழைகளுக்கு நடுவே நூல் கதிர் மாதிரி இரண்டு பக்கமும் ஒடுங்கிய நீளமான பைகள். ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ணுவதை விட்டேன். இன்னொரு துண்டை வயிற்றுச் சாறு போன்ற அமிலக் கரைசலில் ஊறவைத்தபோது பைகள் கரைந்து, வாழைப்பழம் போல வளைந்த சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன.

சார்கோசிஸ்டிஸ். கல்லூரியில் மாட்டு இதயத்தில் பார்த்தது. கறிக்காக வெட்டுகிற மாடுகளில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அதனால் யாரும் தேடுவதில்லை. இந்த ஒட்டுண்ணிக்கு எப்போதும் இரண்டு வீடு வேண்டும். ஒன்று மேய்கிற அல்லது தீவனம் தின்கிற மிருகம். அதன் தசைக்குள் பையாக உட்கார்ந்து காத்திருக்கும். இன்னொன்று அந்தக் கறியைத் தின்கிற மிருகம். அதன் குடலில்தான் ஆணும் பெண்ணுமாகி, முட்டை போன்ற உறைகளை உண்டாக்கி, மலத்தோடு வெளியே அனுப்பும். அந்த மலம் பட்ட புல்லையோ தண்ணீரையோ தீவனத்தையோ மாடு, பன்றி தின்றால் மறுபடி தசைக்குப் போய்விடும். ஒவ்வொரு இனத்துக்கும் கறி தின்கிற வீடு தனித்தனி. மாட்டில் ஒன்று நாய்க்குப் போகும், ஒன்று பூனைக்கு, ஒன்று மனிதனுக்கு. பன்றியிலும் நாய்க்கென்று ஒன்று, மனிதனுக்கென்று ஒன்று.

இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு துண்டு தின்றது ஞாபகம் வந்ததும், பாடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இது எந்த இனம்? நாயினுடையதா, என்னுடையதா? பையைப் பார்த்து என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனிதனுடையதாக இருந்தால் என் குடலில் இந்நேரம் வேலை நடந்துகொண்டிருக்கும். பன்றியிலிருந்து வருகிற இனத்தின் உறைகள் மனிதக் குடலிலிருந்து வெளியே வரப் பதினொன்று, பன்னிரண்டு நாள் ஆகும் என்று புத்தகத்தில் இருந்தது. திங்கட்கிழமை என் மனைவி எதையும் காணாததில் ஆச்சரியம் இல்லை.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். கீழ் வீட்டில் இருப்பவர் கோயில் கைங்கர்யம் செய்கிறவர், பன்றி என்ற சொல் படியிறங்கிப் போகக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

"இது மேல ஏறி மூளைக்கு, கல்லீரலுக்கெல்லாம் போயிடாதாங்க?" என்று கேட்டாள்.

"நம்மகிட்ட போகாது. நம்ம கறியை யாரும் தின்னப் போறதில்லைல்ல. நமக்கு இது குடலோட சரி."

பிறகு அவளே வரிசையாகக் கேட்க, நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பன்றியின் உடம்பில்தான் இது இரத்தக் குழாய்ச் சுவர்களில் புகுந்து பல மடங்காகப் பெருகும், பிறகு தசைக்குப் போகும். அதனால் கஷ்டமெல்லாம் பன்றிக்குத்தான்; நிறைய உறைகளை ஒரேயடியாகத் தின்றால் காய்ச்சல் வரும், சினை கலையும், எடை ஏறாது. மனிதனுக்குள் அந்தப் பெருக்கம் கிடையாது. நான் தின்ற ஒவ்வொன்றும் ஒரு ஆணாகவோ பெண்ணாகவோ ஆகும், சேரும், முடிந்தது. எத்தனை தின்றேனோ அதற்கு மேல் படை திரட்ட முடியாது. அதனால்தான் பெரும்பாலும் ஒரு நாள் குமட்டல், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, பலருக்கு அதுவும் இல்லை. மருந்துகூடத் தேவைப்படுவதில்லை. மனிதத் தசையிலேயே பை கட்டுகிற வேறு இனங்கள் உண்டு, அது அபூர்வம், அதன் வழியும் வேறு.

"அப்ப டப்பா கொடுத்துக்கிட்டே இருங்க. பார்த்துடலாம்" என்றாள்.

எட்டாவது நாளிலிருந்து தினம் ஒரு டப்பா. எனக்குக் கூச்சமாக இருந்தது, அவளுக்கு இல்லை. நாள் முழுக்க ஊரார் டப்பாக்களைப் பார்க்கிறவள். உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வருவதைக் கண்ணாடியில் எடுத்துப் பார்ப்பாள். பதினோராம் நாள் வரை ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் நான் ஆபீசில் இருக்கும்போது போன் வந்தது. "உடனே வாங்க" என்றாள். அவள் குரலில் பயம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

லேபில் அவளுடைய நுண்ணோக்கியில் குனிந்தேன். நீள்வட்டமான, கண்ணாடி போல் தெளிந்த உறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு சின்ன உருவங்கள் நெருங்கிக் கிடந்தன. ஒரு ஓரத்தில் இரண்டு உறைகள் மெல்லிய தோலுக்குள் ஜோடியாக ஒட்டியிருந்தன. என் உடம்பிலிருந்து வந்தது. அருவருப்பு வரவில்லை. இத்தனை வருடம் அறிக்கையில் நாய் என்றும் பூனை என்றும் எழுதிய இடத்தில் இப்போது நானே நின்றேன். அன்று எனக்கு வந்த வாந்திக்கு இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, சுட்ட கறியில் வேறு கிருமியும் இருந்திருக்கலாம். ஆனால் பன்றியில் இருந்தது மனிதனுக்கென்று உள்ள இனம்தான் என்பதில் சந்தேகமில்லை.

அதில்தான் அடுத்த கேள்வி. நான் மணப்பாறைக்குப் போனது அன்றுதான் முதல் முறை. அப்படியானால் பன்றிக்குக் கொடுத்தது யார்?

மறுநாளே பண்ணைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா நாய்களைத்தான் கை காட்டினார். பண்ணையில் இரண்டு நாய்கள், வெட்டுகிற நாளில் கழிவெல்லாம் அவற்றுக்குத்தான். இரண்டையும் விரட்டிவிடுகிறேன் என்றார். நான் பண்ணையைச் சுற்றி நடந்தேன். வேலையாட்களுக்கு ஒரு கழிப்பறை கட்டியிருந்தார்கள். அதன் குழி மூடியில் விரிசல். மழை பெய்தால் பொங்கி, சரிவில் இறங்கி, பன்றிகள் புரளும் சேற்றுப் பள்ளத்தில்தான் சேரும். நான் அங்கே நின்றதைப் பார்த்து அவர் பக்கத்தில் வந்தார்.

"அப்ப எங்ககிட்டேருந்துதான் பன்னிக்குப் போச்சுங்களா சார்?" என்றார் மெதுவாக.

ஆமாம் என்று சொல்வதற்குச் சங்கடமாக இருந்தது. என்னிடமும் இருக்கிறது, நேற்றுதான் பார்த்தேன் என்றேன். அதைப் பார்க்க முடியுமா என்று அவர் கேட்டார்.

அந்த வாரமே தம்பியோடு பஸ் ஏறி எங்கள் கூடத்துக்கு வந்தார். நுண்ணோக்கியில் ஒரு கண்ணை மூடப் பழகுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. தசைப் பைகளைக் காட்டினேன், பிறகு உறைகளைக் காட்டினேன். அவை யாருடையவை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கறியை விற்கலாமா என்று மட்டும் கேட்டார். உள்ளே சிவப்பு போகும்வரை வேகவைத்தால் இது செத்துவிடும், குழம்பில் கொதிக்கும் கறிக்குப் பயமில்லை, அரைகுறையாகச் சுட்டதுதான் வழி என்றேன். தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழிப்பறைக் குழியை மாற்றிப் பன்றிப் பட்டிக்குக் கீழ்ப்பக்கம் தள்ளி அமைத்தார்கள். சேற்றுப் பள்ளத்தை மூடிச் சிமெண்ட் தரை போட்டார்கள். என் டப்பாவில் உறைகள் ஒரு மாதத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தன, நாளுக்கு நாள் குறைந்து, பிறகு நின்றன. மனைவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

புதுத் தரையில் பிறந்த குட்டிகள் வளர்ந்து வெட்டுக்கு வந்தபோது மறுபடி துண்டுகள் எடுத்தேன். பெரும்பாலானவை சுத்தம். ஆனால் இரண்டில் பைகள் இருந்தன. எனக்குப் புரியவில்லை. இந்த முறை மரபணு பார்க்கிற கூடத்துக்கு அனுப்பினேன். நாயின் இனம் என்று பதில் வந்தது. அதாவது அந்த அம்மா முதலில் சொன்னதும் பொய்யில்லை. மனிதன்–பன்றி, நாய்–பன்றி என்று இரண்டு சுற்றும் ஒரே பண்ணையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. மனிதர்களுடையது நின்ற பிறகுதான் நாய்களுடையது தனியாகத் தெரிந்தது.

போன் செய்து சொன்னேன். நாய்களை விரட்ட வேண்டாம், கழிவைப் பச்சையாகப் போடாமல் வேகவைத்துப் போடுங்கள், தீவன மூட்டை இருக்கிற பக்கம் விடாதீர்கள் என்றேன். நாய்க்கும் குழம்பு வைக்கணுமா என்று அவர் சிரித்தார். உப்பு வேண்டாம் என்றேன்.